பராமரிப்புத் துறையின் 43 செலவுத் தலைப்புகளை ஒரே பக்கத்தில் படிக்கும்படி வகைப்படுத்துவது எப்படி?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஆலையில் பராமரிப்புத் துறையின் பட்ஜெட்டை நான்தான் தயார் செய்கிறேன். டேலியில் எங்கள் துறைக்கு 43 லெட்ஜர்கள் இருக்கின்றன. மாதாமாதம் அதை அப்படியே அச்செடுத்துக் கொடுத்தால் ஜி.எம். படிப்பதில்லை, "எவ்வளவு கூடியது, ஏன் கூடியது?" என்று மட்டும் கேட்கிறார். எப்படி வகை பிரித்தால் அவருக்குப் பார்த்தவுடன் புரியும்?

பதில்:

உங்கள் 43 லெட்ஜர்களில் தவறு எதுவும் இருக்க வாய்ப்பில்லை, அவற்றை மாற்றவும் வேண்டாம். லெட்ஜர்கள் தணிக்கையாளருக்காகவும் வரிக்காகவும் பிறந்தவை. ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் தொகையில் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும் என்பதற்காக அது தனியாக நிற்கிறது, டீசலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் அது தனியாக நிற்கிறது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆகியவை வெவ்வேறு அலுவலகங்களுக்குச் செலுத்தப்படுவதால் தனித்தனியாக நிற்கின்றன. ஆனால் உங்கள் ஜி.எம். கேட்கும் கேள்வி வேறு. இந்தத் தொகை எதனால் ஏறி இறங்குகிறது, அதை யார் கையில் எடுத்துச் சரிசெய்ய முடியும் என்பதே அவர் அறிய வேண்டியது. ஆகவே லெட்ஜர்களுக்கு மேலே ஓர் அடுக்கை உருவாக்கி, எது எதனால் அசைகிறதோ அதன்படி அவற்றைச் சேர்க்க வேண்டும். பெயர் ஒத்திருப்பதாலோ, ஒரே கடையிலிருந்து பில் வருவதாலோ இரண்டு செலவுகளை ஒரே வகையில் போடக் கூடாது.

ஒரு தோல் ஆலையின் பராமரிப்புத் துறையில் செலவை அசைக்கும் காரணங்கள் உண்மையில் நான்கே. ஒன்று, ஆட்களின் எண்ணிக்கையும் கூலி விகிதமும். இரண்டு, அந்த மாதம் டிரம்மில் ஏறிய தோலின் அளவு. மூன்று, நாட்காட்டி, அதாவது இன்ன மாதத்தில் இன்ன வேலை என்று முன்கூட்டியே குறித்தவை. நான்கு, யாரும் குறிக்காமல் வந்து நிற்கும் பழுது. உங்கள் லெட்ஜர்கள் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு, "போன வருடம் இது எந்த மாதத்தில் கூடியது, அப்போது என்ன நடந்தது?" என்று கேட்டால், ஏறக்குறைய எல்லாமே இந்த நான்கில் ஒன்றில் போய் அமரும். அமராதவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இதிலிருந்து ஆறு வகைகள் கிடைக்கும். முதலாவது "ஆட்கள்". இதில் துறையின் சம்பளம், ஓவர்டைம், நிர்வாகத்தின் பங்கான பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் ஆகியவற்றோடு ஒப்பந்தத் தொழிலாளர் கூலியும் சேரும். ஒப்பந்தக் கூலி ஒப்பந்தக்காரரின் பில்லாக வந்தாலும், ஒரு ஃபிட்டர் நின்றுவிட்டால் அவருக்குப் பதிலாக வருபவர் ஒப்பந்தத்தில்தான் வருவார் என்பதால், இரண்டையும் பிரித்துக் காட்டினால் ஒன்று குறைந்தது போலவும் மற்றொன்று கூடியது போலவும் ஒவ்வொரு மாதமும் பொய்யான இரண்டு வித்தியாசங்கள் தெரியும். இரண்டாவது "மின்சாரமும் எரிபொருளும்". மூன்றாவது "திட்டமிட்ட பராமரிப்பு". நான்காவது "திடீர்ப் பழுது". ஐந்தாவது "கழிவுநீர்". இதில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செலுத்தும் தொகை, ஆலைக்குள் நடக்கும் முதல்நிலைச் சுத்திகரிப்புக்கான சுண்ணாம்பு, படிகாரம் போன்ற இரசாயனங்கள், சேற்றை அகற்றும் செலவு ஆகியவை அடங்கும். ஆறாவது "மற்றவை".

கழிவுநீரை ஏன் தனி வகையாக வைக்க வேண்டும் என்று உங்கள் அலுவலகத்திலேயே யாரேனும் கேட்கலாம். தோலின் அளவோடு அசைவதால் அதை மின்சாரத்தோடு சேர்க்கலாம் என்று தோன்றும். ஆனால் மின்சாரம் கூடினால் கேட்க வேண்டியவர் மின் மேற்பார்வையாளர்; கழிவுநீர் கூடினால் கேட்க வேண்டியவர் ஊறல், சுண்ணாம்புப் பிரிவில் தண்ணீர் விடுபவர். ஒரே காரணத்தால் அசைந்தாலும் பதில் சொல்பவர் வேறு என்றால் வகையும் வேறாக இருக்க வேண்டும். அதோடு, நம் பகுதியில் கழிவுநீர்க் கணக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரை போகக்கூடிய விஷயம் என்பதால், அதை வேறொன்றுக்குள் மறைத்து வைப்பதும் நல்லதல்ல.

பெயர்களையும் கொஞ்சம் யோசித்து வையுங்கள். "பொதுச் செலவு", "இதர பராமரிப்பு", "நிர்வாகச் செலவு" போன்ற பெயர்கள் எதையும் உள்ளே விட்டுக்கொள்ளும். "திடீர்ப் பழுது" என்ற பெயர் எதை உள்ளே விடக் கூடாது என்பதைத் தானே சொல்லிவிடும்.

முக்கியமான கோடு எது

இந்த ஆறில் உங்களுக்கு உண்மையான உழைப்பு தேவைப்படுவது திட்டமிட்ட பராமரிப்புக்கும் திடீர்ப் பழுதுக்கும் இடையிலான கோட்டில்தான். பெரும்பாலான ஆலைகளில் இவை இரண்டும் "இயந்திரப் பராமரிப்பு" என்ற ஒரே லெட்ஜரில் கிடக்கும். ஒரு பராமரிப்புத் துறையின் உடல்நலத்தைக் காட்டுவது இந்த இரண்டின் விகிதம்தான். ஆனால் கணக்குப் பிரிவுக்கு வரும் பில்லைப் பார்த்து இதைப் பிரிக்கவே முடியாது. இரண்டு பியரிங், ஒரு ஜோடி வீ-பெல்ட் என்று வாலாஜாவிலிருந்து பில் வருகிறது. அந்த பியரிங் ஞாயிற்றுக்கிழமை சர்வீஸின்போது மாற்றப்பட்டதா, அல்லது செவ்வாய்க்கிழமை இரவு டிரம் நின்றுபோய் உள்ளே தோல் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் அவசரமாக மாற்றப்பட்டதா என்பது பில்லில் எங்கும் இருக்காது.

அதனால் வகையைத் தீர்மானிக்கும் இடம் உங்கள் மேசை அல்ல, ஸ்டோர்ஸ் ஜன்னல். பொருள் கேட்டு எழுதும் இன்டென்ட் சீட்டில் "திட்டம்", "பழுது" என்று இரண்டு கட்டங்களை அச்சடித்து, கையெழுத்துப் போடும் மேற்பார்வையாளரே ஒன்றில் டிக் செய்ய வேண்டும் என்று வைத்துவிடுங்கள். டிக் இல்லாத சீட்டுக்கு ஸ்டோர்ஸில் பொருள் கிடையாது. வெளியிலிருந்து வரும் மெக்கானிக்குக்கும், மோட்டார் ரீவைண்டிங்குக்கு அனுப்பும்போது எழுதும் வேலைச் சீட்டுக்கும் இதே கட்டம் வேண்டும். எதில் டிக் செய்வது என்ற விதி ஒரே வரியில் இருக்கட்டும்: வேலை தொடங்குவதற்கு முந்தைய வாரத்துத் திட்டத் தாளில் அந்த இயந்திரத்தின் பெயர் இருந்தால் திட்டம், இல்லையென்றால் பழுது. இயந்திரம் நின்றதா, ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்டால் வாதம் வளரும். தாளில் பெயர் இருந்ததா என்று கேட்டால் வாதம் இல்லை.

இதற்காக டேலியில் "இயந்திரப் பராமரிப்பு" என்ற ஒரு லெட்ஜரை மட்டும் இரண்டாக ஆக்க வேண்டும். லெட்ஜர்களை மாற்ற வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு.

பிரித்த முதல் ஒன்றிரண்டு மாதங்களில் பழுதின் தொகை மிகக் குறைவாகத் தெரிந்தால் மகிழ வேண்டாம். யாரும் "பழுது" என்று டிக் செய்ய விரும்பமாட்டார்கள் என்பதே அதற்குக் காரணமாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இரவு ஷிஃப்டிலும் ஞாயிறு தவிர்த்த நாட்களில் அதிகாலையிலும் எழுதப்பட்ட இன்டென்ட் சீட்டுகளை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். திட்டமிட்ட வேலைக்கு அந்த நேரத்தில் பொருள் கேட்க வேண்டிய தேவை அனேகமாக இருக்காது. அவற்றில் பாதிக்கு மேல் "திட்டம்" என்று இருந்தால் டிக் நேர்மையாக விழவில்லை என்று பொருள்.

ஒரு மாதத்தை எடுத்துப் பார்ப்போம்

உங்கள் ஆலையின் எண்கள் என்னிடம் இல்லை என்பதால், நடுத்தர அளவுள்ள ஓர் ஆலைக்குப் பொருந்தும்படி ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். துறையின் ஆண்டு பட்ஜெட் ரூ. 280 லட்சம். அதில் மின்சாரமும் எரிபொருளும் 118, ஆட்கள் 62, கழிவுநீர் 48, திட்டமிட்ட பராமரிப்பு 27, திடீர்ப் பழுது 21, மற்றவை 4. ஜூலை மாத அறிக்கை இப்படி வருகிறது (ரூ. லட்சத்தில், ஜி.எஸ்.டி. நீங்கலாக):

| வகை | பட்ஜெட் | செலவு | வித்தியாசம் |
|---|---|---|---|
| ஆட்கள் | 5.2 | 5.3 | +0.1 |
| மின்சாரமும் எரிபொருளும் | 9.8 | 10.4 | +0.6 |
| கழிவுநீர் | 4.0 | 4.2 | +0.2 |
| திட்டமிட்ட பராமரிப்பு | 1.5 | 0.6 | −0.9 |
| திடீர்ப் பழுது | 1.7 | 4.1 | +2.4 |
| மற்றவை | 0.3 | 0.3 | 0.0 |
| மொத்தம் | 22.5 | 24.9 | +2.4 |

பழைய முறையில் இதே மாதத்தை 43 வரிகளாகக் கொடுத்திருந்தால் "இயந்திரப் பராமரிப்பு" வரியில் பட்ஜெட் 3.2, செலவு 4.7 என்று மட்டும் தெரிந்திருக்கும். ஒன்றரை லட்சம் கூடுதல் என்று குறித்துக்கொண்டு ஜி.எம். கடந்து போயிருப்பார். இப்போதோ இரண்டு வரிகளும் எதிரெதிர்த் திசையில் போவது கண்ணில் படுகிறது. செய்ய வேண்டிய சர்வீஸில் ரூ. 90,000 செய்யப்படவில்லை; பழுதில் ரூ. 2.4 லட்சம் கூடுதலாகப் போயிருக்கிறது. ஒரு டிரம்மின் கியர்பாக்ஸ் சர்வீஸைத் தள்ளிப்போட்டார்கள், அதே கியர்பாக்ஸ் உடைந்தது என்பதுதான் விஷயம் என்றால், அதைப் புரியவைக்க ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தை அட்டவணைக்குக் கீழே நீங்களே எழுதிவிட வேண்டும். அவர் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது.

மின்சாரத்தில் கூடிய 0.6-ஐப் பாருங்கள். இது கவலைக்குரியதா, இல்லையா என்பது வகைக்குள் இருக்கும் பகுதிகளைத் தெரிந்தால்தான் சொல்ல முடியும். ஜூலை பட்ஜெட்டான 9.8-இல் டிமாண்ட் சார்ஜ் 2.1, யூனிட் கட்டணம் 5.5, ஜெனரேட்டர் டீசல் 0.6, பாய்லர் விறகு 1.6 என்று வைத்துக்கொள்வோம். உயரழுத்த இணைப்பில் டிமாண்ட் சார்ஜ் ஒப்பந்தமான கே.வி.ஏ.வை ஒட்டி வருவது. தோல் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அது பெரிதாக அசையாது. டீசல் மின்தடையைப் பொறுத்தது. தோலோடு அசைபவை யூனிட் கட்டணமும் விறகும், சேர்த்து 7.1. அந்த மாதம் உற்பத்தி திட்டத்தைவிட 8 சதவீதம் கூடியிருந்தால் 7.1-இல் 8 சதவீதம் ஏறத்தாழ 0.6. ஆகவே மின்சாரத்தில் கூடியது முழுவதும் கூடுதல் தோலுக்கானது, வீணாக எதுவும் போகவில்லை. கழிவுநீரிலும் இதே கணக்கு: கன அளவைப் பொறுத்துச் செலுத்தும் பகுதி 2.5 என்றால் அதில் 8 சதவீதம் 0.2.

மொத்தக் கூடுதலான 2.4-இல் 0.8 உற்பத்தி கூடியதால் வந்தது, துறை பதில் சொல்ல வேண்டியது 1.6 என்று இப்போது உங்களால் எழுத முடிகிறது. அட்டவணையின் கீழே இரண்டே வரிகள்: "உற்பத்தி 8% கூடியதால் 0.8. மீதி 1.6 முழுவதும் டிரம் கியர்பாக்ஸ் பழுதும் அதை ஒட்டிய ஓவர்டைமும், சர்வீஸில் செலவாகாத 0.9 போக." உங்கள் ஜி.எம். கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் அதில் முடிந்துவிட்டது.

பழுது நடந்த இரவின் ஓவர்டைம் 0.1-ஐப் பழுது வகைக்குள் போடலாமே என்று தோன்றும். போட வேண்டாம் என்பது என் கருத்து. தத்துவப்படி பார்த்தால் அது பழுதின் செலவுதான். ஆனால் அதைப் பிரிக்கத் தொடங்கினால் ஒவ்வொரு ஃபிட்டரின் நேரத்தையும் தினமும் பிரித்து எழுத வேண்டிவரும். இந்த அளவு துறைக்கு அந்த உழைப்புக்கேற்ற பயன் கிடைக்காது. ஒரு லெட்ஜர் ஒரே ஒரு வகைக்குத்தான் போக வேண்டும் என்ற விதியை உடைக்காமல், அடிக்குறிப்பில் சொல்லிவிட்டால் போதும்.

மின் கட்டண பில்லில் இன்னொரு சின்ன வரியைக் கவனித்துத் தனியே எடுத்து வையுங்கள். பவர் ஃபேக்டர் குறைந்ததற்காகவோ, ஒப்பந்த கே.வி.ஏ.வைத் தாண்டியதற்காகவோ கூடுதலாக விதிக்கப்படும் தொகை அது. பெரும்பாலும் அது யூனிட் கட்டணத்தோடு சேர்ந்து ஒரே லெட்ஜரில் பதிவாகிவிடும். தோலின் அளவோடு அதற்குத் தொடர்பில்லை. கெபாசிட்டர் பேங்கைப் பார்த்தாலோ, பெரிய மோட்டார்களை ஒரே நேரத்தில் ஓட்டாமல் மாற்றி மாற்றி ஓட்டினாலோ தீரக்கூடியது. அதை மின்சார வகைக்குள்ளேயே வைத்து, ஆனால் மாதாமாதம் பூஜ்ஜியமாக இருக்க வேண்டிய ஒரு துணை வரியாகக் காட்டினால், பூஜ்ஜியம் இல்லாத மாதத்தில் யாரிடம் பேச வேண்டும் என்பது உடனே தெரியும்.

பன்னிரண்டால் வகுப்பது

வகை சரியாகப் பிரித்த பிறகும் அறிக்கை பொய் சொல்லக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து மாத பட்ஜெட் என்று போடுவதுதான் அது. ஆட்களுக்கு அது ஓரளவு பொருந்தும். திட்டமிட்ட பராமரிப்புக்கு அறவே பொருந்தாது. பொங்கல் விடுமுறையில் ஆலையை நிறுத்தி டிரம்களின் மரப்பலகை மாற்றுவது, பாய்லரைத் திறந்து சுத்தம் செய்து ஆண்டு ஆய்வுக்குத் தயார்படுத்துவது போன்ற வேலைகளை முடிப்பீர்கள் என்றால், 27 லட்சத்தில் 9 லட்சம் ஜனவரியிலேயே போய்விடும். பன்னிரண்டால் வகுத்திருந்தால் ஜனவரியில் பட்ஜெட் 2.25, செலவு 9 என்று வரும். ஒன்றும் தவறாத மாதத்தில் ஜி.எம். முன் பெரிய சிவப்பு எண் நிற்கும்; அதைவிட மோசம், மற்ற பதினோரு மாதங்களிலும் சேமித்தது போன்ற தோற்றம் இருக்கும். ஜனவரிக்கு 9, மற்ற மாதங்களுக்கு அந்தந்த மாதத்துப் பராமரிப்புத் திட்டத்தின்படி 1.5, 1.7 என்று மார்ச்சிலேயே பிரித்து வைத்துவிடுங்கள். திட்டமிட்ட பராமரிப்பு என்ற வகையின் பொருளே தேதி முன்கூட்டித் தெரியும் என்பதுதான்; அந்தத் தேதியைப் பட்ஜெட்டில் பயன்படுத்தாவிட்டால் வகை பிரித்த பயன் பாதி போய்விடும்.

மின்சாரத்தையும் கழிவுநீரையும் உற்பத்தித் திட்டத்தின்படி மாதங்களுக்குப் பிரிக்க வேண்டும். இதில் நம் பகுதிக்கே உரிய ஒரு கண்ணி உண்டு. பக்ரீத்துக்குப் பிறகு வரும் வாரங்களில் பச்சைத் தோல் வரத்து கூடும் என்பது மேல்விஷாரத்திலிருந்து வாணியம்பாடி வரை எல்லோருக்கும் தெரியும். பச்சைத் தோலிலிருந்து தொடங்கும் ஆலையாக இருந்தால் ஊறல் பிரிவில் தண்ணீரும், அதன் பின்னால் கழிவுநீரும் அப்போது ஏறும். பண்டிகை ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னால் வருகிறது. போன ஆண்டின் மாதப் பங்கீட்டை அப்படியே நகலெடுத்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த ஏற்றம் வேறு மாதத்துக்குப் போயிருக்கும், பட்ஜெட் பழைய மாதத்திலேயே நிற்கும். வெட் புளூ வாங்கி அதிலிருந்து தொடங்கும் ஆலை என்றால் இந்த ஏற்றம் அவ்வளவு கூர்மையாக இருக்காது.

எந்த வகையிலும் அமராதவை

முதலீட்டுச் செலவை இந்த அட்டவணைக்குள் விடாதீர்கள். ரூ. 1.8 லட்சத்துக்குப் புதிய பம்ப் வாங்கியது "பழுது" வகையில் விழுந்தால் அந்த மாதம் ஏதோ பேரிடர் நடந்தது போலத் தெரியும். ஒரு பாகத்தை மாற்றினால் பராமரிப்பு, முழு இயந்திரத்தையே மாற்றிப் பல ஆண்டுகள் ஓடப்போகிறது என்றால் முதலீடு என்பது பொதுவான கோடு. எந்தத் தொகைக்கு மேல் என்பதை உங்கள் நிறுவனத்தின் கணக்குக் கொள்கையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். முதலீட்டை அட்டவணைக்குக் கீழே தனி வரியில், மொத்தத்தில் சேர்க்காமல் காட்டலாம். தேய்மானமும், தலைமை அலுவலகம் பங்கிட்டு அனுப்பும் காவல், கேன்டீன் செலவுகளும் அதே இடத்துக்குத்தான் போக வேண்டும். அவற்றைத் துறைத் தலைவரால் ஒரு ரூபாய்கூட மாற்ற முடியாது.

ஆண்டு ஆய்வுக் கட்டணம், உரிமம் புதுப்பிக்கும் கட்டணம் போன்ற சட்டப்படியானவற்றுக்கு ஏழாவது வகை தேவையா என்ற கேள்வி வரும். தொகை சிறியது, தேதி முன்பே தெரியும். ஆகவே திட்டமிட்ட பராமரிப்புக்குள் வைப்பதே பொருத்தம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைக் கட்டணத்தை மட்டும், பதில் சொல்பவர் ஒருவரே என்பதால், கழிவுநீரில் வையுங்கள்.

"மற்றவை" மொத்தத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்கட்டும். எடுத்துக்காட்டில் 280-க்கு 4, அதாவது ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. அது 5 சதவீதத்தைத் தொட்டால் உள்ளே ஏதோ ஒரு வகை பெயர் இல்லாமல் வளர்ந்துகொண்டிருக்கிறது. திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே ஒரு கடையின் பில்களாக இருக்கும்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வார்த்தை. உள்ளீட்டு வரிக் கடன் எடுக்கும் பில்களுக்குப் பட்ஜெட்டும் செலவும் இரண்டுமே வரி நீங்கலாக இருக்க வேண்டும். துறைத் தலைவர் கொட்டேஷனைப் பார்த்து வரியோடு பட்ஜெட் கேட்டிருப்பார், டேலியில் வரி இல்லாமல் பதிவாகும். அந்த வரித் தொகை முழுவதும் இல்லாத சேமிப்பாகத் தோன்றும். டீசலிலும் மின்சாரத்திலும் இந்தக் கடன் கிடையாது என்பதால் அங்கே முழுத் தொகைதான் செலவு.

எக்செல்லில் கட்டும் முறை

டேலியிலிருந்து லெட்ஜர் பெயரும் தொகையும் எக்செல்லுக்கு ஏற்றுமதியாகி வரட்டும். ஒரு தாளில், அதை `Map` என்று வைத்துக்கொள்வோம், முதல் பத்தியில் லெட்ஜர் பெயர், இரண்டாம் பத்தியில் வகை. ஏற்றுமதி செய்த தாள் `Data`. அதில் A பத்தியில் லெட்ஜர், D பத்தியில் தொகை. C பத்தியில் வகையைத் தேடி எடுக்க:

```
=VLOOKUP(A2, Map!A:B, 2, FALSE)
```

அறிக்கைத் தாளில் A5-இல் வகையின் பெயர் இருந்தால் அதன் செலவுக்கு:

```
=SUMIFS(Data!D:D, Data!C:C, $A5)
```

ஆறு வகைகளும் 5 முதல் 10 வரையிலான வரிகளில் இருந்து, செலவு C பத்தியில் இருந்தால், ஒரு மூலையில் இந்தச் சரிபார்ப்பு இருக்க வேண்டும்:

```
=SUM(C5:C10)-SUM(Data!D:D)
```

இது பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் அறிக்கையை அனுப்பக் கூடாது. கணக்குப் பிரிவில் யாரோ நடுவில் புதிய லெட்ஜர் ஒன்றைத் திறந்திருப்பார்கள். `Map` தாளில் அது இல்லாததால் `Data` தாளில் அதன் எதிரே `#N/A` என்று நிற்கும், அந்தத் தொகை எந்த வகையிலும் சேராமல் நழுவியிருக்கும். அதே போல் ஏற்றுமதியில் கடைசி வரியாக டேலி போடும் மொத்தத்தையும் நீக்கிவிட வேண்டும்; இல்லையென்றால் வித்தியாசம் ஒரு முழு மாதச் செலவாக வந்து நிற்கும்.

ஆண்டின் நடுவில் ஒரு லெட்ஜரை ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்று தெரிந்தால் குறித்து வைத்து ஏப்ரலில் மாற்றுங்கள். அப்போது போன ஆண்டின் பன்னிரண்டு மாதங்களையும் புதிய `Map` தாளின்படி மறுபடி கூட்டி எடுத்துவிட்டால் ஒப்பீடு உடையாது. `Data` தாள்களை மாதவாரியாகப் பத்திரப்படுத்தியிருந்தால் இது ஒரு மணி நேர வேலைதான். "இயந்திரப் பராமரிப்பு" லெட்ஜருக்கு மட்டும் போன ஆண்டுக்கு மறுகூட்டல் சாத்தியமில்லை, ஏனென்றால் அப்போது டிக் செய்த சீட்டுகள் இல்லை. முதல் ஆண்டு அந்த இரண்டு வரிகளுக்கும் பழைய ஆண்டின் எண்ணைக் காலியாக விட்டுவிட்டு, இரண்டின் கூட்டுத்தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். ஊகத்தின் பேரில் பாதிப் பாதியாகப் பிரித்துப் போட வேண்டாம். அந்த எண்ணை வைத்து யாராவது ஒரு முடிவெடுத்துவிடுவார்கள்.

இன்டென்ட் சீட்டில் கட்டங்களை அச்சடிக்கும் வேலையை மார்ச் முதல் வாரத்திலேயே முடித்து, ஏப்ரல் 1 காலை ஷிஃப்டிலிருந்து பழைய சீட்டுக் கட்டுகளை ஸ்டோர்ஸிலிருந்து திரும்ப வாங்கிவிடுங்கள்.